மரத்துக்குக் குண்டு போட்டவர்

"ஏன் தம்பி, இந்த மரம் எங்க பொண்ணு பக்கத்துல வந்ததும் மட்டும் உள்ள போகுது?"

ஆல்பத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு பெண்ணின் அப்பா கேட்ட கேள்வி இது. அவர் கட்டட மேஸ்திரி. முப்பது வருடமாகத் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் பார்த்த கண். நான் முதலில் சிரித்து மழுப்பப் பார்த்தேன், மலையில மரம் அப்படித்தானுங்க இருக்கும் என்று ஏதோ சொன்னேன். அவர் விடவில்லை. "சில்வர் ஓக்கு வளையாதுங்க தம்பி. இதுலயே பாருங்க, பின்னாடி பத்து மரம் இருக்கு, எல்லாம் குண்டு போட்ட மாதிரி நிக்குது. இது ஒண்ணு மட்டும் இடுப்புகிட்ட வந்து நெளியுது." சொல்லிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையிலிருந்த வண்டிச் சாவிக் கயிற்றைப் படத்துக்கு முன்னால் தொங்கவிட்டார். சாவி ஆடி நின்றதும் எனக்கே தெரிந்தது. அதுவரை இருநூறு தடவையாவது அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன், மரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு படப்பிடிப்பு. சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிற எல்லாரும் மாதத்துக்கு நான்கு தடவை அந்த இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்குகிறவர்கள்தான். காப்பித் தோட்டத்துக்குள், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், மிளகுக் கொடி ஏறிய ஒரு மரத்தை ஒட்டிப் பெண்ணை நிறுத்தி முழு உயரத்துக்கு ஒரு படம் எடுத்தேன். இளம்பிள்ளைச் சேலை, சின்னச் சின்னக் கட்டம் போட்டது. காலைப் பனி இறங்கி நல்ல மெத்தென்ற வெளிச்சம். அன்றைக்கு எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று அப்போதே தெரியும். கீழே வந்ததும் அந்தப் பெண் போன் பண்ணி, "அண்ணா, அந்த மரத்துப் படத்துல தாடையும் இடுப்பும் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க, யாருக்கும் தெரியக் கூடாது" என்றாள். இப்படிக் கேட்பவர்களுக்குச் செய்து தருவதா வேண்டாமா என்பது பற்றி எனக்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. அவள் முகம், அவள் காசு, அவள் கேட்கிறாள். எனக்கு உறுத்தியது இரண்டாவது பாதிதான். யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தாள், அதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

முதல் தடவை என்ன செய்தேன்

சீசன் நேரம், கையில் ஆறு ஆல்பம். படத்தை அப்படியே ஃபோட்டோஷாப்பில், உருவத்தைத் தள்ளி இழுத்து மாற்றுகிற லிக்விஃபையில் திறந்தேன். தள்ளுவதற்கான Forward Warp எடுத்தேன், பிரஷ்ஷைக் கொஞ்சம் சின்னதாக வைத்து இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளே தள்ளினேன். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இங்கேதான் ஏமாறுகிறோம். பக்கத்தில் பழைய படம் இல்லாமல் ஒரு மணி நேரம் ஒரே உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிப்போய், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை போய்க்கொண்டே இருக்கும். முடித்துவிட்டு எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஜேபெக்காகச் சேமித்தும் தொலைத்தேன்.

பிறகு அளந்து பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. 24 மெகாபிக்சல் கேமரா, படத்தின் உயரம் 6000 பிக்சல். அதில் அவள் நின்ற உயரம் ஏறத்தாழ 4500. ஆள் 160 செ.மீ. என்று வைத்தால் ஒரு செ.மீ.க்கு 28 பிக்சல் வருகிறது. இடுப்பின் அகலம் 790 பிக்சல் இருந்தது, அதாவது 28 செ.மீ. நான் பக்கத்துக்கு 60 வீதம் 120 பிக்சல் தள்ளியிருக்கிறேன். நூற்றுக்குப் பதினைந்து. 32 அங்குல இடுப்பை 27 ஆக்கிவிட்டேன் என்று அர்த்தம். ஜாக்கெட் தைக்கிற அக்காவிடம் இந்த அளவைச் சொன்னால் வேறு பெண்ணா என்றுதான் கேட்பார். பிக்சலாக நினைக்கும்போது 60 என்பது ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றுகிறது, அங்குலமாக நினைத்தால்தான் செய்த வேலையின் அளவு புரிகிறது. அன்றிலிருந்து இடுப்பில் கை வைப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறேன். சேலையை இழுத்துக் கட்டினால், மூச்சைக் கொஞ்சம் பிடித்து நின்றால் என்ன குறையுமோ அவ்வளவுதான் என் எல்லை. ஒரு அங்குலம். அந்தப் படத்தில் அது மொத்தம் 25 பிக்சல்தான்.

அப்புறம் மரம். லிக்விஃபைக்கு உடம்பு எது, மரம் எது என்று தெரியாது. அதற்கு எல்லாமே ஒரு ரப்பர் துணியில் அச்சடித்த படம். இடுப்பை இடப்பக்கம் தள்ளினால் அதை ஒட்டி நிற்கிற மரப்பட்டையும் கூடவே இழுபடும். தள்ளிய இடத்தை விட்டு விலக விலக இழுப்பு குறையும், அதனால் மரம் முறிவதில்லை, நைசாக நெளிகிறது. 12 அங்குல உயரத்தில் அச்சான ஆல்பத்தில் அந்த நெளிவு 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் நேர்கோடு என்று மனதுக்குத் தெரிந்த ஒன்று 2 மில்லிமீட்டர் விலகினாலும் கண் பிடித்துவிடும். பின்னால் இருப்பது வெறும் புதராக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் நிறுத்தியதோ சேர்வராயன் மலையிலேயே நேரான மரத்துக்குப் பக்கத்தில்.

மரத்தைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டது. சேலைக் கட்டம் இடுப்பு ஓரத்தில் சதுரமாக இல்லாமல் ஒடுங்கி நின்றது. கட்டம் போட்ட துணி என்பது உடம்பின்மேல் சுற்றிய கிராஃப் தாள், எங்கே எவ்வளவு அமுக்கினோம் என்பதை அது அப்படியே எழுதிக் காட்டிவிடும். ஜாக்கெட்டுக்கும் கொசுவத்துக்கும் நடுவில் இருந்த இடுப்பு மடிப்பு ஓரத்துக்கு வந்ததும் சட்டென்று செத்துப்போயிருந்தது. முழங்கை வேறு, பிரஷ்ஷில் சிக்கிக் கொஞ்சம் உப்பியிருந்தது. அதைவிடப் பெரிய தப்பு, இடுப்பின் ஒடுங்கிய இடத்தை நான் சேலை கட்டிய இடத்தில் வைத்திருந்தேன். கை தொங்கவிட்டு நிற்கும் ஆளுக்கு உடம்பின் ஒடுங்கிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், தொப்புளுக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட முழங்கை மட்டத்தில் வரும். அதற்குக் கீழே எலும்பு இருக்கிறது. எலும்பு இளைக்காது. நான் எலும்பை இளைக்க வைத்திருந்தேன்.

அம்மா சொன்னது

மேஸ்திரி மரத்தைச் சொன்னதும் அதுவரை பேசாமல் இருந்த அம்மா மெதுவாக வாயைத் திறந்தார். "நானும் வந்ததுல இருந்து சொல்லலாமா வேண்டாமான்னு பார்த்துட்டே இருக்கேன். மூஞ்சி நம்ம புள்ள மாதிரியே இல்லைங்க. ஆனா என்னன்னு சொல்லத் தெரியல."

மரம் நெளிந்ததை விட இதுதான் என்னை அன்று இரவு தூங்கவிடாமல் செய்தது. மரத்தை விரல் வைத்துக் காட்ட முடியும். முகத்தில் தப்பு இருந்தால் யாராலும் காட்ட முடியாது, ஏதோ ஒன்று ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும், வாடிக்கையாளர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடுவார். எத்தனை ஆல்பம் இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைந்தது.

முகத்துக்கு நான் செய்தது இன்னும் சோம்பேறித்தனமான வேலை. லிக்விஃபையிலேயே முகத்தைத் தானாகக் கண்டுபிடித்துத் தருகிற ஸ்லைடர்கள் இருக்கின்றன, 2016-இல் வந்தது. அதில் Jawline-ஐ இடப்பக்கம் நன்றாக இழுத்து, போதாதற்கு Face Width-ஐயும் கொஞ்சம் குறைத்தேன். நேராகப் பார்க்கிற முகத்தில், ஐந்து பத்து என்கிற அளவில், அந்த ஸ்லைடர் ஒன்றும் மோசமில்லை. ஆனால் அவள் முகத்தைக் கொஞ்சம் திருப்பி நின்றிருந்தாள். திரும்பிய முகத்தில் நம் பக்கத்துத் தாடை நீளமாகவும் அந்தப் பக்கத்துத் தாடை குறுகலாகவும்தான் தெரியும். ஸ்லைடர் இரண்டு பக்கத்தையும் ஒடுக்க, ஏற்கெனவே குறுகலாக இருந்த பக்கம் கன்னத்தோடு சேர்ந்து காணாமல் போய்விட்டது. தாடை சிறுத்ததும் நெற்றி பெரிதாகிவிட்டது, நெற்றியை நான் தொடவே இல்லை. பக்கத்தில் தொங்கிய ஜிமிக்கி வட்டம் போய் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. இத்தனையும் சேர்ந்துதான் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாத அந்த "என்னமோ."

மறுபடியும் மேலிருந்து

ஆல்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், அந்தத் தாளை மட்டும் என் செலவில் மாற்றித் தருவதாகச் சொன்னேன். ஜேபெக்கில் இனி ஒன்றும் ஆகாது என்பதால் கேமராவில் பதிவான மூல ரா ஃபைலிலிருந்தே தொடங்கினேன்.

இந்தத் தடவை முதல் வேலை மரத்துக்குத்தான். இடுப்பை ஒட்டிய மரப்பட்டையை Freeze Mask போட்டு உறைய வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம், நானும் முதலில் அதைத்தான் செய்து பார்த்தேன். மரம் அசையவில்லை. ஆனால் உறைந்த மரத்துக்கும் நகர்ந்த இடுப்புக்கும் நடுவில் இருக்கிற நூலளவு இடத்தை நிரப்பப் படம் மிட்டாய் மாதிரி இழுபட்டு, பட்டையின் சொரசொரப்பு அங்கே மட்டும் வழுவழுப்பாகிவிட்டது. இடைவெளி நிறைய இருந்தால் உறைய வைப்பது வேலை செய்யும், உடம்பும் மரமும் ஒட்டி நின்றால் செய்யாது. அதனால் உடம்பை மட்டும் தேர்வு செய்து தனி லேயராக எடுத்தேன். கீழே இருக்கிற லேயரில், இடுப்பு ஓரத்திலிருந்து உள்ளே 50 பிக்சல் அகலத்துக்கு, அதே மரத்தின் மேல்பகுதியிலிருந்து பட்டையை க்ளோன் ஸ்டாம்ப்பில் எடுத்து நிரப்பினேன். இடுப்பு உள்ளே போகும்போது பின்னால் இருந்து நிஜமான, நேரான மரம் வெளியே தெரிய வேண்டும், அதற்குத்தான். மேலே ஒரு புது லேயரில் மரத்தின் ஓரத்தை ஒட்டி உச்சியிலிருந்து அடிவரை ஒரு சிவப்புக் கோடும் இழுத்து வைத்தேன். செங்குத்தாக இல்லை, மரம் படத்தில் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே. கேமராவை அண்ணாந்து பிடித்தால் மரம் கொஞ்சம் சாய்ந்துதான் விழும், அது தப்பில்லை. நெளிவதுதான் தப்பு. மேஸ்திரியின் சாவிக் கயிறு இப்போது என் திரையில்.

உடம்பு லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட்டுத்தான் லிக்விஃபையைத் திறந்தேன், நாளைக்கு மனசு மாறினாலும் திரும்பத் திறந்து குறைத்துக்கொள்ளலாம். Show Backdrop-ஐ இயக்கியதும் பின்னால் மரம் தெரிந்தது. முழங்கையையும் ஜாக்கெட்டின் கீழ் ஓரத்தையும் உறைய வைத்தேன். பிரஷ் அளவு 750, ஜாக்கெட் ஓரத்திலிருந்து இடுப்பெலும்புவரை உள்ள தூரத்தை விடப் பெரியது. Pressure 20-க்குப் பக்கம். பெரிய பிரஷ்ஷில் ஓரம் மட்டும் தனியாக அமுங்காது, உள்ளே இருக்கிற மடிப்பும் கட்டமும் அதனதன் அளவில் சேர்ந்து நகரும், கட்டம் கட்டமாகவே நிற்கும். சின்ன பிரஷ்ஷில் பத்து தடவை குத்துவதற்குப் பதில் இப்படி மூன்று தடவை மெதுவாகத் தள்ளினால் போதும். ஒடுங்கிய இடம் முழங்கை மட்டத்தில் விழும்படி பார்த்துக்கொண்டேன். முந்தானை போர்த்திய பக்கத்தில் பத்து பிக்சல், வெறும் இடுப்பு தெரிகிற இடது பக்கத்தில் பதினைந்து. அதோடு கையை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்று எழுதுவது சுலபம், எடுக்க மனசு வரவே இல்லை, ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தது. வெளியே போய் ஒரு தட்டுவடை செட் தின்றுவிட்டு வந்து, படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்த்தேன். புரட்டினால் பழகிய படம் புதுப் படமாகிவிடும், நெளிவு எங்காவது இருந்தால் முகத்தில் அடிக்கும். அடிக்கவில்லை. சிவப்புக் கோட்டை விட்டு மரம் எங்கும் விலகவும் இல்லை.

தாடைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது, அவள் கேட்டதை நான் முதலிலேயே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று. அவள் தாடை அகலமே இல்லை. பனியில் எடுத்த படம், வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வந்திருக்கிறது, தாடைக்குக் கீழே நிழலே விழவில்லை. தாடையும் கழுத்தும் ஒரே நிறத்தில் ஒன்றோடொன்று கலந்து, தாடை எங்கே முடிகிறது என்று தெரியாமல், முகம் கழுத்துவரை வழிந்த மாதிரி இருக்கிறது. வெயிலில் எடுத்திருந்தால் அந்தப் பெண் இந்தப் போனே பண்ணியிருக்க மாட்டாள். இப்படி நிழல் இல்லாத இடத்தில் ஓரத்தை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் கோடு பிறக்காது, முகம்தான் சின்னதாகும். அதனால் லிக்விஃபையை ஒதுக்கிவைத்து, ஒரு கர்வ்ஸ் லேயரைக் கொஞ்சம் இருட்டாக்கி, அந்த இருட்டு எங்கும் தெரியாதபடி மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் தெரிவதற்காகக் காது மடலுக்குக் கீழிருந்து முகவாய்வரை தாடைக்குக் கீழே மட்டும் மெல்லிய வெள்ளை பிரஷ்ஷால் தடவினேன். மேல் ஓரம் கொஞ்சம் தெளிவாக, கீழே கழுத்தில் கரைந்துபோகிற மாதிரி. கழுத்தில் கிடந்த செயின் மேல் இருட்டு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, தங்கம் சட்டென்று அழுக்காகிவிடும். இதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது.

மீதிக்குத்தான் லிக்விஃபை. ஸ்லைடரைத் தொடவில்லை. ஜிமிக்கியை உறைய வைத்தேன். காதுக்குக் கீழே தாடையெலும்பு திரும்புகிற முனை, முகவாயின் நுனி, இந்த இரண்டு இடமும் அசையக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு முகத்தை இன்னார் முகம் என்று நாம் அடையாளம் காண்பதில் அந்த இரண்டு முனைக்கும் பெரிய பங்கு இருப்பதாக எனக்குப் படுகிறது. நடுவில் இருக்கிற சதையை மட்டும், முகத்தில் பாதி அகல பிரஷ்ஷால், நம் பக்கத்தில் மட்டும் எட்டு பிக்சல். அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. பழைய படத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் அசைவு தெரிந்தது, தனியாகப் பார்த்தால் தெரியவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆல்பத்தில் எதிர்ப்பக்கத்திலேயே அதே சேலையில் அவள் இன்னொரு படத்தில் இருந்தாள், அதில் நான் கையே வைக்கவில்லை. பழைய தாளில் 27 அங்குல இடுப்பும் 32 அங்குல இடுப்பும் ஒரு முழம் தள்ளிப் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. இரண்டும் ஒரே நாள், ஒரே பெண். மேஸ்திரி மரத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் அடுத்து யாராவது இதைப் பார்த்திருப்பார்கள். ஒரு அங்குலமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, நிற்கிற விதத்திலேயே அவ்வளவு மாறும்.

புதுத் தாள் வந்ததும் மூன்று பேரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மேஸ்திரி கேட்காமலேயே சாவியைத் தொங்கவிட்டுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, வெளியே பீடி குடிக்கப் போய்விட்டார். அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் விரல் மட்டும் மகள் கன்னத்தின்மேல் போய் வந்தது. பெண்தான் சந்தேகமாகக் கேட்டாள், "அண்ணா, இதுல ஒண்ணுமே பண்ணலதானே?"

லேசா பண்ணியிருக்கேன்மா, எங்கேன்னு நீயே சொல்லு என்றேன். அவள் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, கிட்டே வைத்து, தள்ளி வைத்து, நன்றாகப் பார்த்தாள்.

"கையை ஒல்லியாக்கியிருக்கீங்க" என்றாள்.

கையைத்தான் நான் உறைய வைத்திருந்தேன்.